பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்காத மாப்ள

மாப்ள,

உன் மெயில் பாத்தேன். பொண்ணுக்கு வேலை கெடச்சது ரொம்ப சந்தோஷம்டா, வீட்ல கேட்டதா சொல்லு. இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, மத்தபடி எல்லாரும் நல்லா இருக்கோம்.

நீ ஹால் செவுத்துல உப்பு பூத்திருக்கு, பொங்கலுக்குள்ள சொரண்டிட்டு டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடப் போறேன்னு எழுதிருந்தியே, அதுக்காகத்தான் உடனே எழுதுறேன். அந்தக் கூத்த நான் மூணு தடவ ஆடிட்டேன். மூணாவது தடவ அடிச்சு நாலு மாசத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புச்சு. ஒண்ண நகத்தால கிள்ளுனா உள்ளேர்ந்து ரவை மாதிரி பொலபொலன்னு கொட்டுது, உரிஞ்சு வந்த பெயிண்ட் தோலோட பின்பக்கம் பூரா வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்துச்சு. உப்பு எங்க உக்காந்திருக்குன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது.

மண்ணுலயும் செங்கல்லயும் மணல்லயும் இருக்கற உப்பு தண்ணில கரைஞ்சு செவுத்துக்குள்ள மேல ஏறுது. தண்ணி வெளிய வந்து ஆவியாப் போகும், உப்பு மட்டும் போக வழியில்லாம அங்கயே தங்கிடும். செவுறு வெறுமையா இருந்தா வெளிய வெள்ளையா பூக்கும், தொடச்சா போயிடும். மேல பெயிண்ட அடிச்சு மூடிட்டா பெயிண்டுக்குப் பின்னாடியே உப்பு கட்டியாகி, பெருத்து, பெயிண்டையும் பட்டியையும் சேத்து தள்ளிடும். பெயிண்ட் எவ்ளோ கெட்டியோ அவ்ளோ பெரிய பாளமா பேந்து வரும், வேற ஒண்ணும் இல்ல.

மழைக்காலத்துல வெள்ளை காணாம போச்சுன்னு ஏமாறாத. ஈரக் காத்துல சில உப்பு கரைஞ்சு உள்ள போயிடும், செவுறு நனைஞ்ச மாதிரி மட்டும் தெரியும். மாசி வெயில் வந்ததும் திரும்பப் பூத்துடும்.

எங்க வீட்ல காரணம் என்ன தெரியுமா, ரோடு. ஒவ்வொரு தடவ ரோடு போடும்போதும் ஒசந்துகிட்டே போச்சா, மழைத்தண்ணி உள்ள வருதேன்னு நான் பக்கத்து சந்துல மண்ணக் கொட்டி சிமெண்ட் போட்டேன். அது அஸ்திவாரத்துக்கு மேல ஓதம் ஏறாம இருக்க போட்டிருந்த டிபிசியத் தாண்டி அரை அடி ஒசந்துபோச்சு, ஈரம் நேரா செங்கல்லுக்குப் போயிடுச்சு. என் காசுல நானே வெச்சுகிட்ட ஆப்பு. அத ஒடச்சு மண்ண எடுத்தப்பறம்தான் மத்த வேலையே.

அப்பறம் சுத்தம் பண்றது. காஞ்ச நைலான் பிரஷ்ஷால தேய்ச்சு, கீழ பேப்பர் விரிச்சு அள்ளிடணும், மூக்குல துணி கட்டிக்க. தண்ணி ஊத்தி கழுவாத, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளயே போகும். எங்க கொத்தனார் ஆசிட் ஊத்துனா ஒரே நாள்ல போயிடும்னாரு, நானும் தலையாட்டிட்டேன். போச்சுதான், ஆனா ஆசிட் பூச்சுல இருக்கற சுண்ணாம்போட சேந்து புதுசா ஒரு உப்பாயிடும், அது காத்துல இருக்கற ஈரத்தையும் இழுக்கும். அந்த எடம் மட்டும் இன்னும் பிசுபிசுன்னே இருக்கு.

வாரம் ஒரு தடவ தேய்ச்சேன். மொத வாரம் ஒரு டம்ளர் நெறைய வந்துச்சு, ரெண்டு மாசத்துல ஒரு ஸ்பூன்தான். அப்படி கொறைஞ்சா ஈரம் வர்ற வழி அடைபட்டுச்சுன்னு அர்த்தம், கொறையலன்னா இன்னும் எங்கயோ தண்ணி வருது, தேடணும். பூச்சு மண்ணா உதிர்ற எடத்துல வெள்ளைக் கோட்டுக்கு மேல ஒரு அடி வரைக்கும் கொத்தி எடுத்துட்டு, செங்கல் தெரிய அப்படியே காய விட்டேன். ஒம்போது இஞ்ச் செவுறு காய மாசக்கணக்காகும்டா, வர்றவங்க எல்லாம் வீடு ஏன் இப்படி இருக்குன்னு கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும். காஞ்சதும் சிமெண்ட் இல்லாம சுண்ணாம்புக் காரை பூசி, மேல சுண்ணாம்புதான் அடிச்சேன். அதுல ஆவி வெளிய போகும், உப்பு வந்தாலும் மேலயே நிக்கும், தொடச்சுக்கலாம். இன்னமும் கொஞ்சம் பூக்குது, செங்கல்லுல ஊறுனது முழுசாப் போகாது.

உன் வீட்ல எப்படின்னு தெரியல. தரையிலேர்ந்து ஒரே சீரா இடுப்பளவு வரைக்கும் இருந்தா ஓதம் ஏறுது. நடு செவுத்துல திட்டா இருந்து பின்னாடி பாத்ரூம்னா பைப்ப பாரு. அந்தப் பொடிய கொஞ்சம் தண்ணில போடு, கரைஞ்சா உப்பு, கரையாம அடில தங்குனா பழைய சுண்ணாம்போ பட்டியோ உதிர்றது. ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு செவுத்துல ஒட்டி ரெண்டு நாள் விடு. செவுத்துப் பக்கம் வேர்த்திருந்தா ஈரம் செவுத்துக்குள்ளேர்ந்து வருது, ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்துல இருக்கற ஈரம்தான்.

ஒட்டிட்டு போட்டோ எடுத்து அனுப்பு. பெயிண்ட் வாங்கிட்டேன்னா டப்பாவப் பிரிக்காம வெய்யி, கடையில திரும்ப எடுத்துக்கறாங்களான்னு கேளு.

மாப்ள

பி.கு.: அம்மா உன் வீட்டு மாங்கா ஊறுகாய் கேட்டாங்க. அந்த உப்பு மட்டும் வந்தா போதுமாம்.