'இருக்கிறது' என்று சொல்ல முடிந்தால்: நண்பனுக்கு ஒரு கடிதம்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. திருநெல்வேலியில் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'ஐ ஆம் நோயிங்' என்றும் 'ஷீ இஸ் ஹேவிங் எ கார்' என்றும் எழுதுவதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது என்றும், அவர்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதுதான் இதற்குக் காரணம் என்றும் எழுதியிருந்தாய். காரணத்தைப் பற்றி நீ சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் மாலை வகுப்பில் சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால் உனக்கும் அது விளங்கும்.

மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் ஆங்கிலம் பேசப் பழகுகிறாள். வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு வீடியோ அழைப்பில் நேர்காணல் நடந்திருக்கிறது. குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது, தனக்கு மூன்று வயதில் குழந்தை இருப்பதைச் சொல்ல நினைத்து, 'ஐ ஆம் ஹேவிங் எ பேபி' என்றாளாம். மறுமுனையில் இருந்த அம்மையார் முகம் மலர்ந்து வாழ்த்துச் சொல்லி, பிரசவம் எந்த மாதம் என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்குப் பொருளே 'எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது' என்பதுதான். 'ஐ ஹேவ் எ பேபி' என்று சொல்லியிருந்தால் சிக்கலே இல்லை. அன்று மாலை அவள் கண் கலங்கி வந்து என்னிடம் கேட்ட கேள்வி மிகவும் நியாயமானது: "சார், 'டாக்டர் இஸ் ஹேவிங் லஞ்ச்' என்று தினமும் சொல்கிறேன், அது சரி என்கிறீர்கள். 'டாக்டர் இஸ் ஹேவிங் எ கார்' மட்டும் எப்படித் தவறாகும்?"

நீயும் நானும் பள்ளியில் படித்தபோது இதற்குக் கிடைத்த பதில் ஒரு பட்டியல்தான். நோ, பிலீவ், வான்ட், பிலாங், ஓன் ஆகியவற்றுக்கு 'இங்' சேர்க்கக் கூடாது என்று மனப்பாடம் செய்தோம். 'ஹேவ்' போல இரண்டு பக்கமும் நிற்கிற வினை வந்ததும் அந்தப் பட்டியல் கைவிட்டுவிடும். பட்டியலைவிடத் தெளிவான வழியைத் தத்துவ அறிஞர் சீனோ வெண்ட்லர் 1957இல் ஒரு கட்டுரையில் காட்டினார். 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்று கேட்டால் 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் சொல்லலாம். 'அறிந்துகொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் 'ஐ ஆம் நோயிங்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. ஓடுவது கணத்துக்குக் கணம் நடந்துகொண்டே போகிற செயல், ஆனால் ஒன்றைத் தெரிந்திருப்பது ஒரு நிலை; தூங்கும்போதும் அது நம்மிடம் இருக்கும். சாப்பிடும் 'ஹேவ்' செயல், உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' நிலை. எழுத்து ஒன்றாக இருந்தாலும் வினை இரண்டு.

இனி உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தமிழில் யோசிப்பதுதான் தவறு என்றால், தமிழிலும் இந்தத் தவறு இருக்க வேண்டும் அல்லவா? 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. 'எனக்கு அவரைத் தெரியும்' என்கிறோம். 'இந்த வீடு எனக்குச் சொந்தமாகிக்கொண்டிருக்கிறது' என்றால், இன்னும் பத்திரம் பதிவாகவில்லை என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். நிலைக்கும் செயலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் மொழி நன்றாகவே காக்கிறது.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? நாம் சொல்லிக்கொடுக்கும் முறையில் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் பேசத் தொடங்கும் குழந்தைக்கு முதலில் கிடைப்பவை 'எங்கே போகிறாய்', 'சாப்பிடுகிறேன்' போன்ற அன்றாட வாக்கியங்கள். அவற்றுக்கு ஆங்கிலத்தில் 'ஆர் யூ கோயிங்', 'ஐ ஆம் ஈட்டிங்' என்று வருகிறது. அந்த நொடியில் பிள்ளையின் மனத்தில் '-கிறேன்' என்றால் 'ஆம்… இங்' என்ற சமன்பாடு பதிந்துவிடுகிறது. ஆனால் நம் '-கிறேன்' இப்போது நடப்பதற்கும், வழக்கமாக நடப்பதற்கும், மனநிலைக்கும் பொதுவானது. எனவே 'விரும்புகிறேன்' என்பது 'ஐ ஆம் வான்டிங்' ஆகிறது. 'நம்புகிறேன்' என்பது 'ஐ ஆம் பிலீவிங்' ஆகிறது.

'ஹேவ்' விஷயத்தில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, அதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. 'அவள் கார் வைத்திருக்கிறாள்' என்ற வாக்கியத்தை உற்றுப் பார். 'வைத்து' ஒரு பக்கம், 'இருக்கிறாள்' மறுபக்கம். 'வந்துகொண்டிருக்கிறாள்' என்பதை 'ஷீ இஸ் கமிங்' என்று பழகிய பிள்ளைக்கு, 'இருக்கிறாள்' என்றால் 'இஸ்', 'வைத்து' என்றால் 'ஹேவிங்' என்று தோன்றுவது இயல்புதானே. சொல்லுக்குச் சொல் பெயர்க்கச் சொன்னவர்கள் நாம், அவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அதனால் அந்தப் பெண்ணிடம் ஆங்கில விதியைச் சொல்வதற்கு முன் தமிழ் வாக்கியத்தை மாற்றிச் சொல்லச் சொன்னேன். 'இருக்கிறது' என்று முடிக்க முடிகிறதா என்று பார், முடிந்தால் வெறும் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' போதும் என்றேன். அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரிடம் கார் இருக்கிறது: 'ஹேஸ் எ கார்'. எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது: 'ஐ ஹேவ் எ பேபி'. எனக்குக் காய்ச்சல் இருக்கிறது, ஒரு சந்தேகம் இருக்கிறது, நான்கு மணிக்கு மீட்டிங் இருக்கிறது: எல்லாம் 'ஐ ஹேவ்'. 'டாக்டர் லஞ்ச் சாப்பிடுகிறார்' என்பதை 'இருக்கிறது' என்று மாற்றினால், மேசையில் சாப்பாடு இருக்கிறது என்று பொருளே மாறிப்போகிறது; அங்கே 'இஸ் ஹேவிங்' நிற்கலாம். மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது 'வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங்' என்று ஆங்கிலேயரும் சொல்வார்கள். ஆனால் 'ஹேவ்' வேண்டுமா 'ஹேவிங்' வேண்டுமா என்ற சந்தேகம் வரும்போது, 'இருக்கிறது' என்று முடியும் இடத்தில் 'ஹேவ்' வைத்தவர் பெரும்பாலும் தவறுவதில்லை. அரை மணி நேரத்தில் அவள் தானாகவே பிரித்துச் சொல்லத் தொடங்கினாள்.

'திங்க்' என்பதற்கும் தமிழே துணை நிற்கிறது. கருத்தைச் சொல்லும்போது 'நினைக்கிறேன்' என்கிறோம்: 'ஐ திங்க்'. முடிவெடுக்காமல் மனத்தில் புரட்டும்போது 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்கிறோம்: 'ஐ ஆம் திங்கிங்'.

உன் பிள்ளைகளின் 'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்' மட்டும் இந்த வழிக்கு எளிதில் அடங்காது. 'பத்து வருஷமாகத் தெரியும்' என்பதில் உள்ள 'ஆக' நீண்ட காலத்தை உணர்த்துவதால் தொடர்ந்து நடப்பது போன்ற எண்ணம் வருகிறது. அதைத் திருத்தப் போய், காலநீட்சிக்கு 'ஹேவ் பீன்… இங்' போட வேண்டும் என்ற விதியை நினைவூட்டினால் 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்' என்ற அடுத்த தவறு பிறக்கும். நிலைக்கு அந்த 'இங்' அங்கேயும் ஆகாது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதை முழு வாக்கியமாகவே வாயில் பழக்கிவிடு. 'சின்ஸ்' என்பதைத் தொடங்கிய காலத்தைச் சொல்லும்போது தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று பிழைகளை ஒரே மூச்சில் திருத்தினால் பிள்ளைக்கு எது எதற்காக என்று தெரியாமல் போய்விடும்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. உன் வகுப்பில் 'இருக்கிறது' என்று மாற்றிப் பார்க்கும் வழியை ஒரு நாள் முயன்று பார். அது பொருந்தாத வாக்கியம் ஏதாவது பிள்ளைகளிடமிருந்து வந்தால், அவர்கள் எழுதியபடியே எனக்கு எழுதி அனுப்பு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய விடுதி அறைத்தோழன்