அந்த அண்ணனைப் பற்றி மேடத்திடம் சொன்னது

ஈரோடு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடுகிற சமயம். லீவு நாளெல்லாம் அப்பாவோடு களத்திலேயே போய்விடுகிறது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை.

"அந்த அண்ணனைப் பற்றி உங்க மேடத்துகிட்ட எப்படிச் சொன்னே? எனக்கும் இங்கே ஒருத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கு" என்று கேட்டிருந்தாய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் எங்கள் டயாலிசிஸ் யூனிட்டின் சீனியர் டெக்னீசியன். ஃபிஸ்டுலாவில் ஊசி போட எனக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நாள் காலை ஆறு மணி ஷிப்டில், ஐந்து நிமிடம் முன்னால் தானே போட்ட ஹெப்பாரினை மறந்து, அதே நோயாளிக்கு மறுபடி சிரிஞ்சை எடுத்தார். "இப்பத்தானுங்கண்ணா போட்டீங்க" என்றதும் வைத்துவிட்டார். இரண்டு தடவை போயிருந்தால், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் சுலபத்தில் நின்றிருக்காது. தூக்கமில்லாமல் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும், சுமதி. இன்னொன்று நடக்கட்டும், உறுதியாகத் தெரியட்டும் என்று நான் காத்திருந்ததுதான் தப்பு. அந்த இன்னொன்று ஒரு நோயாளியின் உடம்பில்தான் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து. பவானியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற ஜமுக்காளம் நெய்கிற ஐயா ஒருவர். நீர் சேராத அவருடைய எடை 58 கிலோ. அன்று 60.4 வந்திருந்தார். எடுக்க வேண்டியது 2.4 லிட்டர். கடைசியில் ரத்தத்தைத் திருப்பி விடும்போது உள்ளே போகிற சலைனுக்கு ஒரு 300 மில்லி சேர்த்தால் 2.7. அண்ணன் மெஷினில் 4.1 என்று போட்டிருந்தார். அது பக்கத்துக் கட்டில்காரருடைய கணக்கு. மெஷினுக்கு அவருடைய எடை தெரியாது, போட்ட எண்ணைத்தான் அது எடுக்கும். அதனால் அலாரமும் அடிக்கவில்லை. நான்கு மணி நேரத்துக்கு 4.1 என்றால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல். 58 கிலோ உடம்பு அதைத் தாங்காது. ஒரு மணி நேரம் கழித்து நான் பிரஷர் பார்க்கப் போனபோது ஐயா கொட்டாவி மேல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். பிரஷர் 90/60. நீர் எடுப்பதை நிறுத்தி, தலைப்பக்கம் இறக்கி, சலைன் 200 மில்லி விட்டதும் தெளிந்தார்.

எண்ணை மாற்றிப் போடுவது யாருக்கும் நடக்கலாம். என்னைப் பயமுறுத்தியது அதற்கப்புறம் நடந்தது. "அண்ணா, இது தப்பா இருக்குங்க" என்று திரையைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தும் எது தப்பு என்று அவருக்குப் புரியவில்லை. பேச்சு இழுத்தது. கேட்டதையே திரும்பக் கேட்டார். திரும்பி நடக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நிமிடத்தில் அவரை நோயாளிகளிடமிருந்து தள்ளி உட்கார வைப்பதுதான் முதல் வேலை. "நீங்க உட்காருங்கண்ணா, உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கீங்க, இங்கே நான் பார்த்துக்கறேன்" என்றேன். சமாளிக்கச் சொன்ன வார்த்தை இல்லை அது, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும், தள்ளாடும். பக்கவாதம் தொடங்கினாலும் அப்படித்தான். சளிக்குப் போட்ட மாத்திரைகூட ஆளைச் சாய்த்துவிடும். விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை 126. அதனால் அது இல்லை. இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிட்டேன், அவர் கேஷுவால்டி டாக்டரிடம் அழைத்துப்போனார். உடம்புக்கு என்ன என்று பார்க்கத்தான் என்பதால் அண்ணனும் மறுப்பு சொல்லாமல் போனார். அவர் பைக் சாவியைச் சிஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்து தம்பியை வரச்சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை. நீ மறந்துவிடாதே, அந்த நிலையில் யாரையும் வண்டி ஓட்ட விடக்கூடாது.

ஷிப்ட் முடிந்ததும் நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதினேன். முதலில் எழுதியது, "இவர் குடித்துவிட்டு டூட்டிக்கு வருகிறார் என்று சந்தேகம்." படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அவர் குடித்ததை நான் பார்க்கவில்லை. வாடையை வைத்தும் சொல்ல முடியாது, எங்கள் யூனிட்டில் எந்நேரமும் மெஷின் கழுவுகிற மருந்தும் கைக்குப் போடுகிற ஸ்பிரிட்டும்தான் மணக்கும். மறுபடி எழுதியபோது இரண்டு தேதி, நேரம், எந்த மெஷின், என்ன எண் இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும், ஐயாவின் பிரஷர், அண்ணன் பேசினது நடந்தது, கூட யார் இருந்தார்கள், நான் என்ன செய்தேன், இவ்வளவுதான். ஹெப்பாரின் அன்று நான் சொல்லாமல் விட்டதையும் எழுதினேன். நோயாளியின் சார்ட்டைப் போனில் படமெடுக்கவில்லை. அவர் பையைத் திறந்து பார்ப்பது, மற்றவர்களிடம் விசாரிப்பது எதுவும் செய்யவில்லை. எண் தப்பானதைத் தனியாக இன்சிடென்ட் ஃபாரத்தில் எழுதினேன். அதில் மெஷினும் நோயாளியும்தான் வரும், அண்ணனின் நிலைமை வராது, ஏனென்றால் அந்த ஃபாரம் பல கைக்குப் போகும்.

மேடத்திடம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருந்தாரா?" என்பதுதான். இதற்குத்தான் நீ தயாராகப் போக வேண்டும். "எனக்குத் தெரியாதுங்க மேடம். நான் பார்த்தது இவ்வளவுதான்" என்று தாளைக் கொடுத்தேன். "என்ன செய்யணும்கிற?" என்றார். "ஒரு டாக்டர் பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் அவரை நோயாளிகிட்ட விட வேண்டாமுங்க. அவர் மேல நடவடிக்கை எடுங்கன்னு கேட்டு நான் வரலை" என்றேன். அவர் எனக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், மேடம் தண்ணீர் கொடுத்தார். ஐயாவின் மகளிடம் தப்பு நடந்ததை யார் சொல்வது என்று கேட்டேன். டாக்டரே சொல்வார் என்றார், மறுநாள் சொல்லவும் செய்தார்.

அப்புறம் அண்ணன் நீண்ட லீவில் போய்விட்டார். டாக்டர் என்ன கண்டுபிடித்தார் என்று மேடம் என்னிடம் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டேன். "அது அவர் உடம்பு விஷயம். நீ சொன்னதை நாங்க கவனிச்சிட்டோம்" என்றார். யூனிட்டில் கதை கட்டுகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை.

உன் ஆஸ்பத்திரியில் நீ யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர் டூட்டி டாக்டர், மேனேஜரோ அவருக்கு மச்சான் முறை என்று எழுதியிருந்தாய். அப்படியானால் மேனேஜரோடு நிற்காதே, நோயாளிகளுக்குப் பொறுப்பான பெரிய டாக்டரிடமும் போ. சக மருத்துவரின் திறமைக் குறைவைப் பயப்படாமல் வெளிப்படுத்த வேண்டும் என்று 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அதனால் இது எனக்குச் சம்பந்தமில்லை என்று பெரிய டாக்டர் ஒதுங்க முடியாது. எழுதிக் கொடு, நகல் ஒன்று நீ வைத்துக்கொள். நோயாளியின் பெயர் இல்லாமல் ஐபி நம்பரை மட்டும் போடு.

அந்த டூட்டி டாக்டருக்கு அடுத்த நைட் டூட்டி என்றைக்கு என்று நீ எழுதவில்லை. அதற்கு முன்னால் சொல்லிவிடு. சொல்வதற்கு முந்தின நாள் எனக்குப் போன் பண்ணு, நீ எழுதினதைப் படித்துக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

உன்
கவிதா