மஞ்சள் காட்டிய கை

கொழும்பு,
ஞாயிறு இரவு

மச்சான்,

நான்கு மாதமாக எழுதவில்லை. ஏச்சை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். அம்மா சுகம், முழங்காலும் பரவாயில்லை. இன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் நித்திரை வராது.

நம்ம மைதானத்தில் நட்பு உதைபந்தாட்டம், விசில் என்னிடம். முதல் பாதியில் ஒரு பையன் பந்துக்குக் கால் நீட்டினான், அரை நொடி பிந்திவிட்டது, எதிராளி தடுக்கி விழுந்தான். கவனக்குறைவு, அவ்வளவுதான். ஃபிரீகிக், அட்டை இல்லை. (கோலடிக்கப் போகும் நல்ல வாய்ப்பைக் கெடுத்திருந்தால் அதற்கு வேறு கணக்கு.) கொஞ்சம் கழித்து, கட்டையன் பக்கவாட்டிலிருந்து சறுக்கி வந்து ஒருவனின் பாதத்தை வாரினான். கால் மடங்கியிருந்தது, வேகமும் பெரிதில்லை. ஆனால் எதிராளிக்கு என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவே இல்லை. அது மஞ்சள். திட்டிக்கொண்டே வாங்கினான், உனக்குத்தான் அவனைத் தெரியுமே.

எழுபதாவது நிமிடத்தில்தான் வினை வந்தது. அவர்களுடைய வலதுபக்கத் தடுப்பாளன் நான்கைந்து அடி தூரத்திலிருந்து பாய்ந்தான். விறைத்த கால், பூட்ஸ் ஆணிகள் முன்னால். நுனிவிரல் பந்தைத் தொட்டது உண்மை. ஆனால் கால் அங்கே நிற்கவில்லை, பந்துக்கு மேலாகப் போய் மற்றவனின் ஊன்றிய காலில், கணுக்காலுக்கு மேலே இறங்கியது. 'டக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. அடிபட்டவன் ஒரு நிமிடத்தில் எழும்பிவிட்டான். நான் மஞ்சள் காட்டினேன்.

ஆட்டம் முடிந்து அவன் சொக்ஸைக் கழற்றிக் காட்டினான். கணைக்கால் கவசத்தில் நீளமாக ஒரு வெடிப்பு, அதற்குக் கீழே தோலில் மூன்று ஆணித் தடங்கள். யாரோ போனில் எடுத்த வீடியோவையும் பார்த்தேன். பாய்ந்தவனின் இரண்டு காலும் நிலத்தில் இல்லை. அந்த நிலையில் அவன் நினைத்தாலும் தன்னை நிறுத்தியிருக்க முடியாது.

பன்னிரண்டாம் விதியை எத்தனை தரம் படித்திருப்பேன்! பந்துக்காகப் போட்டியிடும்போதே எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தாலோ, தேவைக்கு மிஞ்சிய பலம் பாவித்தாலோ பாரதூரமான தவறாட்டம், நேரே சிவப்பு. பந்தை முதலில் தொட்டால் மன்னிப்பு என்று அதில் ஒரு வரியும் இல்லை. கால் முறிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டையும் நானே சேர்த்துக்கொண்டேன். அவன் எழும்பி ஓடியதைப் பார்த்ததும் என் கை சட்டைப் பைக்கு, மஞ்சள் பக்கமாகப் போய்விட்டது. சிவப்பு பின்பைக்குள் இருந்தது.

ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு அந்தத் தீர்ப்பை மாற்ற வழியில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். "அடுத்த தரம் கால் எங்கே இறங்குது எண்டு பார், பந்து எங்கே போகுது எண்டு பார்க்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடியோவை அனுப்புகிறேன், மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து நிறத்தைச் சொல். "பந்து சேர், பந்து!" என்று மட்டும் எழுதாதே. அதை உன் வாயால் பதினைந்து வருடம் கேட்டாயிற்று.

உன்
மச்சான்