டேங்கில் பெட்ரோல் எவ்வளவு?

ஆசிரியருக்கு,

பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது கன அளவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 12 லிட்டர் டேங்க் உள்ள பைக்கை நிரப்பினால் பெட்ரோல் 9.6 லிட்டர், எத்தனால் 2.4 லிட்டர். மீதியிருக்கும் எண்ணெய் மேல் மறுபடி நிரப்பினால் எத்தனால் சேர்ந்துகொண்டே போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. இரண்டும் கலந்தே எரிவதால், இ20 மேல் இ20 ஊற்றினாலும் 20 சதவீதம்தான்.

சரி, அந்த 2.4 லிட்டரால் என்ன நஷ்டம்? ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்ப ஆற்றல் பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆக 2.4 லிட்டர் எத்தனால் 1.6 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். முழு டேங்கின் ஆற்றல் 11.2 லிட்டர் கலப்பில்லாத பெட்ரோல் அளவுக்குத்தான் வரும். குறைவு சுமார் 7 சதவீதம். மைலேஜ் அதே அளவு குறைய வேண்டும் என்பதில்லை, இன்ஜினைப் பொறுத்து மாறும். இ10க்கு ஏற்ப அமைத்த பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே கணித்திருந்தது. 'பாதி மைலேஜ் போச்சு' என்பவர்கள் கார்புரேட்டரையும் டயர் காற்றையும் பார்ப்பது நல்லது.

ஆனால் ஆற்றல் குறைந்த லிட்டருக்கு முழு விலை வாங்குவது எப்படி நியாயம்? விலையைக் குறைக்க வேண்டும். பில்லில் எத்தனால் சதவீதத்தையும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பைக் ஓட்டி, மதுரை