நாற்றப்பூச்சி: வீட்டு விளக்கைக் கவனியுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கம் நாற்றப்பூச்சி வீட்டுக்குள் வரும். நசுக்கியதும் கெட்டுப்போன கொத்தமல்லிபோல ஒரு வாடை அடிக்குமே, அந்தப் பூச்சிதான். பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். முதுகு கேடயம் போலத் தட்டையாக இருக்கும். அது மனிதரைத் தேடிக் கடிப்பதில்லை, நோயும் பரப்புவதில்லை. ஆனால் பயத்தில் கையால் அடிக்கும் பிள்ளைகளுக்கு விரலில் பழுப்புக் கறை படிகிறது, கண்ணில் பட்டால் எரிகிறது.

கைபேசியில் பார்க்கும் வீடியோக்களில், குளிருக்கு ஒதுங்கத்தான் இந்தப் பூச்சி வீட்டுக்குள் வருகிறது என்று சொல்வார்கள். அது குளிர்நாடுகளின் கதை. நம் ஊரில் அதை இழுப்பது விளக்கு. வயலிலும் செடிகொடிகளிலும் இருக்கும் பூச்சி இருட்டியதும் பறக்கிறது, மழை ஓய்ந்த புழுக்கமான இரவில் வெளிச்சத்தைத் தேடி வருகிறது. நம் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துவைத்து, வெள்ளை டியூப்லைட்டின் கீழ் வீட்டுப்பாடம் எழுதுவதும் அதே நேரத்தில்தான்.

முதல் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறது, ஆனாலும் தினமும் நாலைந்து பூச்சி வருகிறது. அறை விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. பெரும்பாலும் அது வலையில் இருக்காது. கதவின் அடியில், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுற்றி, ஏசி குழாய் நுழையும் துளையில், வென்டிலேட்டரில் இருக்கும். கூரை ஷீட் போட்ட வீடானால், ஷீட்டின் வளைவுகள் சுவரில் உட்காரும் இடத்தில் வரிசையாகத் தெரியும். உடல் தட்டை என்பதால் பென்சில் பருமனில் பாதி இடைவெளியே அதற்குப் போதும்.

கதவடிக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் பட்டையைத் தரையைத் தொடும்படி ஒட்டுங்கள். தரைக்கு மேல் தூக்கி ஒட்டினால் பயனில்லை. ஏசி குழாய்த் துளையை எம்-சீலாலோ சிமென்டாலோ அடையுங்கள். வென்டிலேட்டரையும் ஷீட் வளைவுகளையும் அடைக்கக் கூடாது, காற்று நின்றுபோகும். அங்கே நைலான் வலை போதும். ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகப் பூச்சி வருவது அரிது, நின்ற பிறகுதான் நுழைகிறது. ஆகவே வெளிப்பக்கம் மூடித்திறக்கும் தகடு உள்ளதா என்று பாருங்கள்.

வாசல், பால்கனி, மொட்டைமாடி விளக்குகளை மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை அணைத்துவையுங்கள். எரியத்தான் வேண்டும் என்றால் மஞ்சள் எல்இடி போடுங்கள். வெள்ளை வெளிச்சத்தைவிட அதற்குக் குறைவாகவே பூச்சி வரும், அறவே வராது என்று சொல்ல முடியாது. கொடியில் காயும் துணியிலும் உட்கார்ந்திருக்கும், உதறிவிட்டு உள்ளே எடுங்கள்.

உள்ளே வந்துவிட்டால் துடைப்பமும் செருப்பும் வேண்டாம். வாடைச் சுரப்பி அதன் மார்பின் அடியில், கால்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தினாலும் விரட்டினாலும் அங்கிருந்துதான் பீய்ச்சும். ஒரு மக்கில் அரை லிட்டர் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு தேக்கரண்டி. சுவரில் இருக்கும் பூச்சிக்குக் கீழே மக்கைப் பிடித்து, மேலிருந்து ஒரு அட்டையால் மெல்லத் தொடுங்கள். சீண்டினால் பிடியை விட்டுக் கீழே விழுவது அதன் வழக்கம், நேராக மக்கில் விழும். வெறும் தண்ணீரில் மிதந்து ஏறிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் அந்த மெஷினே பல நாள் நாறும். மருந்து ஸ்பிரே அடித்தால் உள்ளே இருப்பது சாகும், விளக்குக்கு அடுத்தது வரும். பிள்ளைகள் தூங்கும் அறையில் மருந்துதான் மிஞ்சும்.

வாடை நீர் எண்ணெய்த்தன்மை உள்ளது, அதனால் வெறும் தண்ணீருக்குப் போகாது. கையில் பட்டால் சில சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். பழுப்புக் கறை சில நாளில் தானே மறையும், பிரஷ்ஷால் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். துணியில் பட்டால் பாத்திரத் திரவத்தை நேரடியாகத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்க விடாமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். அதன் பிறகும் சிவப்போ எரிச்சலோ இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாடியில் அவரைக்கொடி வைத்திருப்பவர்கள் வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குட்டிப் பீப்பாய்களை நெருக்கி அடுக்கியதுபோல முட்டைகள் ஒட்டியிருந்தால், அந்த இலையைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். வகுப்பில் பூச்சி சட்டையில் உட்கார்ந்தால் தட்டக் கூடாது. நோட்டு அட்டையை அதன் முன்னே வைத்தால் அதுவே ஏறிக்கொள்ளும், ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்