இரண்டாம் மட்டத்தில் இருப்பது வெட்டுக்கிளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழோடு வரும் மாணவர் இணைப்பில் சென்ற மாதம் சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஒரு மாதிரி வினாத்தாளும் விடைகளும் வெளியாகியிருந்தன. அதில் உணவுச் சங்கிலி பற்றிய குறுவினா ஒன்றின் விடை தவறு. ஆற்றல் ஓட்டப் படத்திலும் ஒரு அம்பு தவறு. வெறும் அச்சுப்பிழை என்றால் விட்டிருப்பேன். முப்பது வருடமாக விடைத்தாள்களில் நான் சிவப்பு மையால் சுழித்துவந்த அதே இரண்டு பிழைகள் இவை என்பதால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியில் எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அவளுடைய அம்மா தேயிலை பறிக்கப் போகிறவர். அந்தப் பெண் மாலையில் என்னிடம் நோட்டைக் காட்ட வருவாள். உங்கள் வினாத்தாளை அவள் நோட்டில் எழுதிப் பார்த்திருந்தாள். கேள்வி இதுதான்: "புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்ற சங்கிலியில் இரண்டாம் ஊட்ட மட்டத்தில் உள்ள உயிரி எது?" அவள் நோட்டில் "தவளை" என்று இருந்தது. ஆனால் அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது. ரப்பரால் அழுத்தித் தேய்த்த தடத்துக்கு அடியில் "வெட்டுக்கிளி" என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. "ஏன்மா அழிச்சே?" என்றேன். "புக்ல தவளைன்னு போட்டிருக்காங்க டீச்சர்" என்றாள்.

முதலில் எழுதியதுதான் சரி.

குழப்பம் எங்கே வருகிறது என்று பாருங்கள். இந்தச் சங்கிலியில் இரண்டு எண்ணிக்கைகள் ஒன்றாக ஓடுகின்றன. ஊட்ட மட்டத்தைப் புல்லிலிருந்து எண்ண வேண்டும். புல் ஒன்று, வெட்டுக்கிளி இரண்டு, தவளை மூன்று, பாம்பு நான்கு, கழுகு ஐந்து. நுகர்வோரை எண்ணும்போது புல்லைச் சேர்க்க முடியாது, அது யாரையும் தின்பதில்லை, அது உற்பத்தியாளர். ஆகவே வெட்டுக்கிளி முதல்நிலை நுகர்வோர், தவளை இரண்டாம்நிலை, பாம்பு மூன்றாம்நிலை, கழுகு நான்காம்நிலை. நுகர்வோர் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் ஊட்ட மட்டம் கிடைக்கும். இரண்டாம் மட்டம் என்று கேட்டால் முதல்நிலை நுகர்வோரைத்தான் சொல்ல வேண்டும்.

இதில் நம் தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. "முதல்நிலை நுகர்வோர்" என்ற பெயருக்குள்ளேயே "நிலை" இருக்கிறது. மட்டம் என்றாலும் நிலை என்றாலும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான். சில கேள்வித்தாள்களில் "ஊட்ட நிலை" என்றே போட்டுவிடுகிறார்கள், அப்போது கேட்கவே வேண்டாம். "இரண்டாம்நிலை நுகர்வோர் மூன்றாம் நிலையில் இருக்கிறது" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் முகம் சுருங்கும். அதனால் நான் பாடம் நடத்தும்போது ஊட்டத்துக்கு எப்போதும் "மட்டம்" என்றும், நுகர்வோருக்கு மட்டும் "நிலை" என்றும் பிரித்தே சொல்வேன். உங்கள் இணைப்பிலும் அப்படியே போடலாம்.

ஒரு மட்டம் தள்ளிப் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணக்கு வரும்போது பாருங்கள். ஒரு சதுர மீட்டர் புல்வெளியில் ஒரு வருடத்தில் புல்லில் 20,000 கிலோ ஜூல் ஆற்றல் சேர்கிறது என்று கேள்வியில் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு விதிப்படி வெட்டுக்கிளிக்கு 2,000, தவளைக்கு 200, பாம்புக்கு 20, கழுகுக்கு 2 கிலோ ஜூல். இப்போது "மூன்றாம் ஊட்ட மட்டத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு?" என்றால் விடை 200. மாணவர் அதை மூன்றாம்நிலை நுகர்வோர் என்று படித்துவிட்டால் பாம்பின் 20-ஐ எழுதுவார். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். திருத்துகிறவருக்கு அந்த 20-ஐப் பார்த்ததுமே எங்கே சறுக்கினார் என்று தெரியும். ஆனாலும் மதிப்பெண் போட முடியாது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பத்து விழுக்காடு என்பது புல்லிலிருந்து மேலே போகும் படிகளுக்குத்தான். சூரிய ஒளியிலிருந்து புல்லுக்கு வரும் படி வேறு. இலைமேல் விழும் ஒளி ஆற்றலில் சுமார் ஒரு விழுக்காடுதான் உணவாக மாறுகிறது என்று பாடத்தில் வரும். இந்த விதியோடு பெயர் சேர்ந்திருக்கும் லிண்டமன், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து 1942-இல் வெளியிட்ட கட்டுரையில், முதல்நிலை நுகர்வோருக்கு 13.3 விழுக்காடும் இரண்டாம்நிலை நுகர்வோருக்கு 22.3 விழுக்காடும் என்று கணக்கிட்டிருந்தார். பத்து என்பது கணக்குப் போட வசதியாக எடுத்துக்கொண்ட தோராயம். தேர்வில் பத்தையே எழுதட்டும், ஆனால் எல்லாக் காட்டிலும் எல்லா ஏரியிலும் அச்சாகப் பத்து என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

சரி, அம்புக்கு வருகிறேன். உங்கள் படத்தில் கழுகிலிருந்து சிதைப்போருக்கு ஒரு அம்பு, சிதைப்போரிலிருந்து திரும்பப் புல்லுக்கு ஒரு அம்பு, கீழே "ஆற்றல் சுழற்சி" என்று தலைப்பு. ஆற்றல் சுழலாது. ஒரு பக்கமாக ஓடி வெப்பமாக வெளியே போய்விடும். சுழல்வது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த கிளைகளை அப்படியே செடிக்கடியில் போட்டுவிடுகிறார்கள். அது மக்கி, அதிலுள்ள சத்து வேருக்குத் திரும்பப் போகிறது. அந்தக் கிளையில் இருந்த ஆற்றலோ செடிக்குத் திரும்புவதில்லை. செடி மறுபடி வெயிலில்தான் நின்றாக வேண்டும். குளிரான காலையில் எங்கள் வீட்டு எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கும். உள்ளே நுண்ணுயிரிகள் சாணத்தையும் இலையையும் சிதைத்துச் சுவாசிக்கும் வெப்பம் அது. அந்தப் பெண்ணை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். "இந்தச் சூட்டைப் பிடிச்சுப் புல்லுக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். அவளே நோட்டை எடுத்து அந்தக் கடைசி அம்பை அடித்துவிட்டாள்.

சிதைப்போரைக் கழுகுக்குப் பின்னால் ஆறாவது மட்டமாகப் போடுவதும் சரியில்லை. வெட்டுக்கிளியின் கழிவு, செத்த தவளை, காய்ந்து விழுந்த புல் என ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் சிதைப்போருக்குப் போகிறது. ஆகவே படத்தில் ஐந்து பெட்டிகளுக்கும் பக்கவாட்டில் சிதைப்போர் பெட்டியை நீளமாக வரைந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு ஒரு அம்பு போட வேண்டும். அப்புறம் சிதைப்போர் உட்பட எல்லாப் பெட்டியிலிருந்தும் வெளியே போகும் ஒரு அம்பு, அதன் நுனியில் "வெப்பம்". சூரியனிலிருந்து உள்ளே வரும் அம்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் புல்லுக்கு மட்டும்.

அம்பின் திசையிலும் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வெட்டுக்கிளி புல்லைத் தின்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, வெட்டுக்கிளியிலிருந்து புல்லை நோக்கி வரைந்துவிடுகிறார்கள். அம்பை "க்கு" என்று படிக்கச் சொல்லுங்கள். புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு. கூர்முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பெயரோடுதான் "க்கு" சேரும். தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மலையிலிருந்தே இன்னொரு உதாரணம் தருகிறேன். முக்குருத்தி தேசியப் பூங்காவின் புல்வெளியில் வரையாடு புல் மேய்கிறது, புலி வரையாட்டை வேட்டையாடுகிறது. இந்தச் சங்கிலியில் புலி எந்த நுகர்வோர் என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் "மூன்றாம்நிலை" அல்லது "நான்காம்நிலை" என்று எழுதுவார்கள். பெரிய விலங்கு, காட்டுக்கே ராஜா, அதனால் பெரிய எண் என்று நினைக்கிறார்கள். இங்கே புலி இரண்டாம்நிலை நுகர்வோர், மூன்றாம் ஊட்ட மட்டம். அதை வேட்டையாட வேறொன்று இல்லாததால் உச்ச ஊனுண்ணி என்றும் சொல்லலாம், ஆனால் உச்சம் என்பது ஒரு எண் ஆகாது. எண்ணை அந்தச் சங்கிலியில் கீழிருந்து எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

கோத்தகிரிக்காரர்களுக்குக் கரடியைச் சொன்னால் உடனே புரியும். தோட்டத்தில் கொய்யாப்பழம் தின்னும்போது கரடி முதல்நிலை நுகர்வோர். அதே கரடி புற்றைக் கிளறிக் கறையானை உறிஞ்சும்போது, காய்ந்த மரத்தைத் தின்ற கறையானைத் தின்பதால், இரண்டாம்நிலை. "கரடியின் ஊட்ட மட்டம் எது?" என்று சங்கிலியைக் கொடுக்காமல் கேட்டால் அந்தக் கேள்வியே தவறு. உங்கள் வினாத்தாளில் 14-வது கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது, காகத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். காகம் தானியமும் தின்னும், எலியும் தின்னும். சங்கிலியைச் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டு மதிப்பெண் விடைக்குப் பத்து வரி வேண்டாம். "தவளை: மூன்றாம் ஊட்ட மட்டம், இரண்டாம்நிலை நுகர்வோர். காரணம், புல்லைத் தின்னும் வெட்டுக்கிளியை அது தின்கிறது." இவ்வளவு போதும். உயிரியின் பெயர், மட்டம், நிலை, எதைத் தின்பதால் என்ற காரணம். காரணத்தை எழுதப் பழகிய பிள்ளைக்கு மட்டமும் நிலையும் மாறிப் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த வரியை எழுதும்போதே சங்கிலியை ஒருமுறை கீழிருந்து எண்ணிவிடுகிறார்கள். வெறுமனே "ஊனுண்ணி" என்று மட்டும் எழுதினால் தவளைக்கும் பொருந்தும், பாம்புக்கும் பொருந்தும், கழுகுக்கும் பொருந்தும். அதற்கு முழு மதிப்பெண் தருவது நியாயமில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அடுத்த இணைப்பில், பழைய விடைகள் வந்த அதே பக்கத்தில், "இரண்டாம் ஊட்ட மட்டம்: வெட்டுக்கிளி" என்றும், படத்தின் தலைப்பை "ஆற்றல் ஓட்டம்" என்றும் திருத்தி, சிதைப்போரிலிருந்து புல்லுக்குப் போகும் அம்பை நீக்கிய படத்தோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் மட்டும் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் வந்தால் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். சரியான படத்தை வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன், பயன்படுத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்