செட்டில்மென்ட் பணத்தை மாதக் கணக்கில் எண்ணிப் பார்

அன்புத் தம்பிக்கு,

வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிறேன், கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள், பணத்தை எதில் போடலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் அந்தத் தொகையை வீட்டின் ஒரு மாதச் செலவால் வகுத்துப் பார். நீ சொன்ன கணக்குப்படி 60 மாதம் வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய பணம்தான். ஆனால் சம்பளம் நின்றுபோன வீட்டுக்கு அது ஐந்து வருஷச் செலவு, அவ்வளவே.

நான் திரும்பி வந்த புதிதில் இப்படி எண்ணிப் பார்க்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். முதிர்வுத் தொகை இருந்த பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டினார். இடையில் நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்ற அட்டவணை அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் புரட்டவில்லை. மூன்றாம் வருஷம் வேலை சரியாக அமையாமல் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது. அந்தத் திட்டம் பொய் இல்லை. எனக்குப் பணம் தேவைப்பட்ட காலமும் அது முதிரும் காலமும் பொருந்தவில்லை, அதுதான் தப்பு.

அதனால் நீ காலத்தை வைத்துப் பிரி. அதிக வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடு. எந்த வைப்புநிதியும் அந்த வட்டியைத் தராது. பிறகு 12 மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில், நினைத்தவுடன் எடுக்கிற மாதிரி வை. அடுத்த 24 மாதச் செலவை நான்கு வைப்புநிதிகளாகப் போடு. ஒவ்வொன்றும் ஆறு மாதச் செலவு; 12, 18, 24, 30ஆம் மாதங்களில் முதிர வேண்டும். கையிருப்பு தீர்கிற சமயத்தில் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒரே வைப்பாகப் போட்டால் சின்னத் தேவைக்குக்கூட முழுவதையும் உடைக்க நேரும், வட்டியிலும் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் வேலை கிடைத்துவிட்டால், முதிர்ந்ததை அப்படியே மறுபடி போட்டுவிடலாம்.

மீதி 24 மாதப் பணம் மூன்று வருஷத்துக்குத் தேவைப்படாது. அதை வைப்பிலேயே முடக்கினால் விலைவாசி தின்றுவிடும். வருஷம் 6 சதவீதம் விலை ஏறினால், 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும். அந்தப் பகுதிக்கு, பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் இன்டெக்ஸ் ஃபண்ட் சரியாக வரும். ஒரே நாளில் போடாமல் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் பிரித்துப் போடு. சந்தை விழுந்த மாதத்தில் பயந்து நிறுத்திவிடாதே. விழுந்தாலும் காத்திருக்க முடியும் என்பதற்காகத்தானே முதல் 36 மாதத்தைத் தனியாக வைக்கிறாய்.

ஒன்றில்தான் எனக்குச் சந்தேகம். நீ சொன்ன மாதச் செலவு, நீ அங்கே இருந்தபோது வீட்டுக்கு அனுப்பிய தொகை. நீயும் வீட்டில் இருந்தால் அது கூடும். வந்ததும் முதல் மூன்று மாதச் செலவை எழுதி வை, பணம் அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும். அந்த எண் கிடைத்ததும் 60 என்பதை மறுபடி கணக்குப் போட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
அண்ணன்